அந்தக் கேற்றின்ர ஸ்பிறிங் ஆரின்ர பொறுப்பு? எங்கட தொடர்மாடி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கட தொடர்மாடி நிர்வாகக் கமிற்றிக்கும், எங்கட பூலைக் கொன்றாக்கில எடுத்து நடத்துற கொம்பனிக்கும்,

அஞ்சு வயசுப் பிள்ளை ஒண்டு எங்கட பூலில தாண்டு செத்தது. ஒரு மாசம் பொறுத்திருந்துதான் இதை எழுதுறன். முதல் ரெண்டு கிழமையும் எனக்கு எழுத ஏலாமல் இருந்தது, பிறகு நீங்கள் லிஃப்டுக்குள்ள அந்த நோட்டிஸை ஒட்டினியள். "பெற்றோரின் கவனயீனத்தால் ஏற்பட்ட துயரச் சம்பவம், நீச்சல் தடாகத்தைப் பாவிப்போர் தமது சொந்தப் பொறுப்பிலேயே பாவிக்க வேண்டும்" எண்டு. அந்தப் பிள்ளையின்ர அம்மம்மா மூண்டாம் மாடியில இருக்கிறா. ஒரு நாளைக்கு ரெண்டு தரமாவது அந்த லிஃப்டில ஏறி இறங்குறா. அந்தக் கடதாசியை எழுதினவைக்கு அது ஞாபகம் வரேல்லையோ?

என்னைக் கனபேருக்குத் தெரியாது, ரெண்டாம் மாடியில இருக்கிறன். கட்டாரில எட்டு வருசம் ஹோட்டல் பூல்களில லைஃப்கார்டா வேலை செய்திட்டு வந்தனான். அதால எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதுறன், சட்டப் பக்கத்தை சட்டத்தரணியா இருக்கிற என்ர மச்சானிட்டக் கேட்டு விளங்கிக்கொண்டு எழுதுறன்.

முதல் அண்டைக்கு என்ன நடந்தது எண்டதை ஒழுங்கா ஒருக்கால் சொல்லவேணும், ஏனெண்டால் கமிற்றியில இருக்கிற பாதிப் பேர் இப்பவும் "தாய் போனைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா" எண்டுதான் கதைக்கினம். தாய் பூலடியில இருக்கவே இல்ல. நல்லூர்த் திருவிழாவுக்கு வவுனியாவில இருந்து வந்தவை, வீடு முழுக்க ஆக்கள், பின்னேரம் கோயிலுக்குப் போக எல்லாரும் வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டிச்சினம். அஞ்சு வயசுப் பெடியன், முதலே வேட்டி கட்டி ரெடியாகிட்டான். பெரியாக்கள் வெளிக்கிடுற அந்த நேரத்தில அவன் கதவைத் திறந்து படியால இறங்கிக் கீழ போயிட்டான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டில இது ஒருக்காலும் நடக்கேல்ல எண்டு சொல்லுங்கோ பாப்பம்.

சிசிரீவியில அவன்ர தகப்பனோட நானும் சேர்ந்து பாத்தனான். 5.36க்கு பூல் பாக்கிற பெடியன் கேற்றால வெளிய போறார், தண்ணி பவுசர் வந்து நிக்குது, தொட்டி மூடியைத் திறந்துவிடச் சொல்லி செக்கியூரிட்டி கூப்பிட்டது. 5.41க்குப் பிள்ளை அதே கேற்றால உள்ள வாறான். தள்ளக்கூட இல்ல, கேற் திறந்தே கிடக்குது. 5.43க்குப் படியில குந்தி இருந்து காலைத் தண்ணிக்குள்ள விடுறான், 5.44க்கு அடுத்த படிக்கு இறங்குறான், வழுக்குது. எங்கட பூலில ஆழம் குறைஞ்ச பக்கமே நாலு அடி. பிள்ளை மூண்டரை அடி. 5.45க்குப் பிறகு தண்ணிக்கு மேல ஒண்டும் தெரியேல்ல. 5.58க்கு நீந்த வந்த ஒரு பள்ளிக்கூடப் பெடியன்தான் கண்டவன்.

அந்த ஒரு நிமிசத்தில பிள்ளை கத்தவே இல்ல எண்டு தகப்பன் திருப்பித் திருப்பிச் சொன்னார், "சத்தம் போட்டிருந்தால் ஆராவது ஓடி வந்திருப்பினமே தம்பி" எண்டு. நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறன். தாழுற ஆக்கள் கத்திறேல்ல, கையை ஆட்டிறேல்ல, அதெல்லாம் படத்தில வாறது. வாய் தண்ணிக்கு மேல வாற அந்தக் கொஞ்ச நேரத்தில மூச்சை இழுக்கத்தான் உடம்பு பாக்கும், சத்தம் போட மூச்சு மிஞ்சாது. கை ரெண்டும் தானாவே பக்கவாட்டில விரிஞ்சு தண்ணியைக் கீழ அமத்தும். பெரியாக்களே இப்பிடி மேல நிக்கக்கூடியது 20 செக்கனில இருந்து ஒரு நிமிசம் வரைக்கும்தான், சின்னப் பிள்ளை அதுக்கும் முதல் போயிடும். பிறகு மூச்சில்லாமல் நாலு, அஞ்சு, ஆறு நிமிசம் எண்டு போகப் போக மூளை பழுதாகத் தொடங்கும். அதால "தாய் தகப்பன் பாக்கவேணும்" எண்டது சரியான கதைதான், ஆனால் அது மட்டும் காணாது. ஒரு மனிசர் திரும்பிச் சீலை மடிப்புக் குத்துற நேரம்தான் இது. மனிசர் திரும்புவினம் எண்டு தெரிஞ்சபடியால்தான் பூலுக்கு வேலியும் தானாப் பூட்டுற கேற்றும் வைக்கிறது.

இப்ப கேற்றுக்கு வாறன், இந்த மடலே அதுக்காகத்தான்.

எங்கட பூல் வேலி நாலு அடி உயரம், கம்பிக்கிடை இடைவெளியும் சின்னன். கட்டினவர் சரியாத்தான் கட்டினவர். ஒஸ்ரேலியாவில வீட்டுப் பூலுக்கே சட்டம் கேக்கிற அளவு அதுதான், 1.2 மீற்றர் உயரம், கம்பிக்கிடை 10 சென்ரிமீற்றருக்கு மேல இடைவெளி இருக்கப்படாது, கேற்றின்ர கொழுக்கியைத் திறக்கிற பிடி நிலத்தில இருந்து ஒண்டரை மீற்றர் உயரத்தில, கேற் பூல் பக்கம் இல்லாமல் வெளிப்பக்கம் திறக்கவேணும், ஆள் கையை விட்டால் தானா வந்து சாத்தித் தானாக் கொழுவவேணும். எங்கட கேற்றிலயும் ஸ்பிறிங் பிணைச்சல் இருந்தது. அது ஜூன் மாசம் உடைஞ்சது. உடைஞ்ச பிறகு கேற் பாதியில வந்து நிக்கும், கொழுவாது. பிறகு பூல் பக்கம் கதிரை மேசை தூக்கிறவை ஒரு செங்கல்லை வைச்சுத் திறந்தே விடத் தொடங்கிச்சினம். நான் படம் எடுத்து குரூப்பில போட்டனான், ஜூன் 12. "அடுத்த மீற்றிங்கில கதைப்பம்" எண்டு செயலாளர் பதில் போட்டவர், நாலு பேர் கும்பிடு போட்டவை. அந்த மீற்றிங்கில லிஃப்ட் சேர்விஸ் காசும் மோட்டார்சைக்கிள் நிறுத்திற பிரச்சினையும்தான் கதைச்சது. நானும் எழும்பி நிண்டு கேக்கேல்ல. ஒரு ஹாட்வெயார் கடையில போய் வாங்கி நானே பூட்டியிருக்கலாம் எண்டு இப்ப ஒவ்வொரு இரவும் நினைக்கிறன்.

ஒரு பூலை நடத்துறவர் ஒவ்வொரு நாளும் திறக்க முதல் செய்யவேண்டிய முதல் வேலை இந்தக் கேற்றைப் பாக்கிறதுதான், தண்ணிக்குள்ள குளோரின் எவ்வளவு எண்டு பாக்க முதல். கேற்றை ஒரு சாண் அளவு திறந்து கையை விடுங்கோ, தானாப் போய்க் கொழுவுதோ எண்டு பாருங்கோ. பிறகு முழுசாத் திறந்து கையை விடுங்கோ, அப்பவும் கொழுவவேணும். சாண் அளவில இருந்து விட்டால்தான் பலவீனமான ஸ்பிறிங் பிடிபடும், ஏனெண்டால் முழுசாத் திறந்த கேற் தன்ர பாரத்திலயே வேகமா வந்து அடிபட்டுக் கொழுவிடும், கொஞ்சமாத் திறந்த கேற்றுக்கு அந்த வேகம் இல்ல. அதோட வேலிக்கு வெளிப்பக்கம் மூண்டடிக்குள்ள ஏறக்கூடிய சாமான் ஏதும் கிடக்குதோ எண்டும் பாக்கவேணும், பூச்சாடி, பிளாஸ்ரிக் கதிரை, ஏசி பெட்டி. இதுக்கு ரெண்டு நிமிசம் காணும். கட்டாரில இதைச் செய்து நேரம் போட்டுக் கையெழுத்து வைக்காமல் என்னைப் பூலைத் திறக்க விடமாட்டினம்.

ரெண்டாவது, அந்தப் பெடியன். அவரை நான் குறை சொல்ல வரேல்ல, தயவுசெய்து நீங்களும் அவரில பழியைப் போட்டிட்டுத் தப்பப் பாக்கவேண்டாம். காலமை கூட்டிறதும் அவர், குளோரின் போடுறதும் அவர், பூமரத்துக்குத் தண்ணி விடுறதும் அவர், பவுசருக்கு மூடி திறக்கிறதும் அவர். நீச்சல் தெரியுமோ எண்டு வேலைக்கு எடுக்கேக்க கேட்டனீங்களோ? லைஃப்கார்டுக்கு நாங்கள் படிச்ச கணக்கு ஒண்டு இருக்கு, தன்ர பகுதியை முழுசாப் பாத்து முடிக்க 10 செக்கன், ஆபத்தில இருக்கிற ஆளிட்டப் போய்ச் சேர 20 செக்கன். தண்ணியைப் பாக்கிறவருக்கு அது ஒண்டுதான் வேலையா இருந்தால்தான் அது சரிவரும். எங்கட மாதிரிச் சின்ன இடத்துக்கு முழுநேர லைஃப்கார்ட் கட்டுப்படியாகாது எண்டு சொல்லுறியள், எனக்கும் விளங்குது. அப்பிடியெண்டால் ஆள் நிக்கிற நேரம் மட்டும் பூல் திறந்திருக்கவேணும், ஆள் அங்கால போனால் ரெண்டு நிமிசத்துக்கெண்டாலும் கேற் பூட்டித் திறப்பு அவரின்ர சேட்டுப் பொக்கற்றில இருக்கவேணும். 5.36க்கு அவர் பூட்டிட்டுப் போயிருந்தால் ஸ்பிறிங் உடைஞ்சிருந்தும் பிள்ளை உள்ள போயிராது. ஆனால் அப்பிடிச் செய்யவேணும் எண்டு ஆரும் அவருக்குச் சொல்லேல்ல, பூட்டும் குடுக்கேல்ல.

தண்ணியைப் பற்றியும் சொல்லவேணும். கரண்ட் காசுக்காகப் பகலில பில்ரர் மோட்டரை நிப்பாட்டி வைச்சிருந்தனீங்கள். திருவிழாக் காலம், வீட்டுக்கு வீடு விருந்தாளிப் பிள்ளைகள் முழுகுதுகள், தண்ணி கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கிப் போய் இருந்தது. பூலைத் திறக்கலாமோ எண்டதுக்கு ஒரு சுகமான சோதனை இருக்கு, கரையில நிண்டு பாத்தால் ஆழமான பக்கத்து அடியில இருக்கிற வடிகால் மூடி தெளிவாத் தெரியவேணும், தெரியாட்டில் ஆரையும் இறங்க விடப்படாது. அழகுக்காகச் சொல்லுற கதையில்ல இது. மூடி தெரியாத தண்ணியில அடியில கிடக்கிற பிள்ளையும் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடப் பெடியன் கரையில நிண்டு காணேல்ல, இறங்கி நடக்கேக்க காலில தட்டுப்பட்டபடியால்தான் கண்டவன். அவனுக்குப் பதினாலு வயசு, அவன் இப்ப எப்பிடி இருக்கிறான் எண்டு ஆராவது போய்க் கேட்டனீங்களோ?

அடுத்தது நடந்ததைத்தான் என்னால ஆறவே ஏலாமல் இருக்கு. நான் சத்தம் கேட்டு இறங்கி ஓடி வரேக்க ஓட்டோ வெளிக்கிட்டிட்டுது. அதுக்கு முதல் பிள்ளையைக் காலில பிடிச்சுத் தலைகீழாத் தூக்கி, முதுகில தட்டி, வயித்தை அமத்தித் தண்ணி எடுத்திருக்கினம். அன்பாலதான் செய்தவை, எங்கட ஊரில கிணத்தில விழுந்த பிள்ளைக்குக் காலங்காலமாச் செய்யிறதும் உதுதான். ஆனால் உது பிழை. வயித்தை அமத்தினால் வயித்துக்குள்ள கிடக்கிறது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போகும், அதோட நேரமும் போகும். தாண்ட பிள்ளைக்கு இல்லாதது காத்து. மல்லாக்கக் கிடத்தி, நாடியைத் தூக்கித் தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சரிச்சு, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வைச்சு அஞ்சு தரம் ஊதவேணும், ஒவ்வொண்டுக்கும் நெஞ்சு எழும்புதோ எண்டு பாத்து. அப்பவும் மூச்சோ அசைவோ இல்லையெண்டால் நெஞ்சின்ர நடுவில 30 தரம் அமத்தி ரெண்டு தரம் ஊதி, திருப்பியும் 30, ரெண்டு, அப்பிடியே அம்புலன்ஸ் வருமட்டும் விடாமல் செய்யவேணும். இன்னொராள் அதே நேரம் 1990க்கு அடிக்கவேணும், அந்தச் சேவை 2018இல இருந்து எங்கட வடக்கிலயும் இருக்கு. ஓட்டோவுக்குள்ள மடியில வைச்சுக்கொண்டு போன அந்த நேரம் முழுக்கப் பிள்ளைக்கு ஒரு மூச்சுக்கூடக் குடுக்கேல்ல. அந்த அஞ்சு ஊதலும் இருந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும் எண்டு நான் சொல்ல வரேல்ல, பதின்மூண்டு நிமிசம் தண்ணிக்குள்ள கிடந்த பிள்ளை. ஆனால் அடுத்த முறை அது மூண்டு நிமிசமா இருக்கலாம், அப்ப அதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். பூலடியில நிக்கிறவருக்கு இதைப் பழக்கி வைக்கிறது நடத்துறவரின்ர கடமை, பக்கத்து வீட்டுக்காரர் கூகிளில பாத்துச் செய்யிற வேலையில்ல.

இனி நீங்கள் மாட்டின அந்த அறிவிப்பு போட். "உயிர்காப்பாளர் இல்லை, சொந்தப் பொறுப்பில் பாவிக்கவும்." இதைச் சொல்லித்தான் கமிற்றி முழுக்க நிம்மதியா இருக்குது. அஞ்சு வயசுப் பிள்ளை போட் வாசிக்குமோ? வாசிச்சாலும் பொறுப்பெடுக்கிற வயசோ? மச்சான் சொன்னதை என்னால ஏலுமானமாதிரிச் சொல்லுறன். எங்கட நாட்டில இந்த விசயத்துக்கு ரோமன் டச்சுச் சட்டம். அது கேக்கிறது மூண்டு கேள்வி. இப்பிடி ஒரு தீங்கு வரும் எண்டு நிதானமான ஒரு ஆள் முன்கூட்டியே யோசிச்சிருப்பாரோ? யோசிச்சால் தடுக்க ஒரு நடவடிக்கை எடுத்திருப்பாரோ? நீங்கள் அதை எடுத்தனீங்களோ? முதல் கேள்விக்கு ஜூன் 12ஆம் திகதிப் படமே பதில். ரெண்டாவதுக்கு ஒரு ஸ்பிறிங்கின்ர விலை பதில். மூண்டாவதுக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேணும். ஏழு வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையில கவனயீனம் எண்ட குற்றத்தை அந்தச் சட்டம் ஒட்டவே விடாது. தாய் தகப்பனில ஒரு பங்கு பிழை எண்டு நீதிமன்றம் கண்டால் அவையின்ர நட்டஈட்டில ஒரு பங்கு குறையலாம், ஆனால் அதால உங்கட பங்கு இல்லாமல் போகாது.

"நாங்கள் கொம்பனிக்குக் குடுத்திட்டம்" எண்டு கமிற்றி சொல்லுது, "கேற் கட்டிடத்துக்குச் சேர்ந்தது, எங்கட கொன்றாக் தண்ணி மட்டும்" எண்டு கொம்பனி சொல்லுது. பிள்ளை உங்கட ரெண்டு பேருக்கும் இடையில கிடந்த அந்த இடைவெளியாலதான் உள்ள போனவன். 1973ஆம் ஆண்டு தொடர்மாடிச் சட்டப்படி பொதுச் சொத்தைப் பராமரிக்கிற பொறுப்பு மனேஜ்மென்ற் கோப்பரேசனுக்கு, அதாவது வீட்டு உரிமையாளர் எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து. கொன்றாக் குடுத்தால் வேலை கைமாறும், உரிமையாளரின்ர பொறுப்பு கைமாறாது. கொம்பனியும் திறந்து கிடக்கிற கேற்றை ஒவ்வொரு நாளும் கண்டுகொண்டு பூலைத் திறந்ததுக்குத் தன்ர பங்குக்குப் பதில் சொல்லவேணும்.

மரண விசாரணையில "நீரில் மூழ்கி மூச்சுத்திணறி மரணம்" எண்டு வந்ததைக் காட்டி "விசாரணை முடிஞ்சுது" எண்டு தலைவர் சொல்லுறதாக் கேள்விப்பட்டன். திடீர் மரண விசாரணை அதிகாரி பாக்கிறது எப்பிடிச் செத்தது எண்டதைத்தான். ஆரின்ர கவனயீனம் எண்டதைத் தீர்க்கிற இடம் அதில்ல. கவனயீனத்தால மரணம் விளைவிக்கிறதுக்குத் தண்டனைச் சட்டக்கோவையில 298ஆம் பிரிவு இருக்கு, அஞ்சு வருசம் வரைக்கும் மறியல். நட்டஈடு வேற பாதை. முந்தி எங்கட சட்டத்தில பிள்ளையை இழந்த துக்கத்துக்குத் தாய் தகப்பன் ஒண்டும் கேக்கேலாது, செத்தவீட்டுச் செலவு மாதிரிக் கைக்காசு நட்டம்தான் கேக்கலாம், உழைக்காத பிள்ளை எண்டபடியால் சட்டத்தின்ர கணக்கில பெறுமதியே இல்லாத மாதிரி. 2019இல வந்த 2ஆம் இலக்கச் சட்டம் அதை மாத்தினது, இப்ப அந்த அன்பும் துணையும் போனதுக்கும் கேக்கலாம். அந்தக் குடும்பத்துக்கு இதை நான் போய்ச் சொல்லிட்டன். உங்களுக்கு மறைச்சுச் செய்ய விருப்பமில்லாதபடியால் இங்கயும் சொல்லுறன்.

கடைசியா, அடுத்த நாள் நடந்தது. காலமை ஏழு மணிக்குப் பூல் தண்ணியை முழுக்க இறைச்சு விட்டனீங்கள். பத்து மணிக்குக் கேற்றுக்குப் புது ஸ்பிறிங். மூண்டு மாசமா வராத ஸ்பிறிங் ஒரு காலமைக்குள்ள வந்தது. பிள்ளை கிடந்த தண்ணியைப் பாக்க ஏலாமல்தான் இறைச்சது எண்டு பொருளாளர் சொன்னார், அவர் அழுதுகொண்டுதான் சொன்னவர், நான் நம்புறன். ஆனால் அதால தண்ணி எவ்வளவு கலங்கி இருந்தது எண்டதை இனி ஆரும் அளக்க ஏலாது, பழைய பிணைச்சலும் குப்பையில போயிட்டுது. சிசிரீவிப் பெட்டி 15 நாளில பழசை அழிச்சுப் புதுசை எழுதும். பொலிஸ் ஒரு கமராவில இருபது நிமிசம் மட்டும்தான் எடுத்தவை. அண்டைக்குக் காலமையில இருந்து கேற் எத்தினை மணித்தியாலம் திறந்து கிடந்தது, எத்தினை பேர் அதைத் தாண்டிப் போனவை எண்டதெல்லாம் மிச்சத்தில இருந்தது. அது அழிஞ்சிட்டுது. இப்பிடி ஒண்டு நடந்தால் நடத்துறவர் பூலை மூடி, தண்ணியில கை வைக்காமல், கேற்றைத் தொடாமல் எல்லாப் பக்கத்தாலயும் படம் எடுத்து, முழு நாள் சிசிரீவியையும் வேற டிஸ்கில ஏத்தி, அண்டைக்கு ஆர் ஆர் வேலையில நிண்டது எண்ட புத்தகத்தோட பொலிஸிட்டக் குடுக்கவேணும். குளோரின் போட்ட கணக்குப் புத்தகம் இன்னும் ஒவ்வீஸில இருக்குது எண்டு தெரியும். அதிலயாவது கை வைக்காதேங்கோ.

நான் கேக்கிறது இதுதான். லிஃப்டில இருக்கிற நோட்டிஸை இண்டைக்கே கழட்டுங்கோ. பூலை இப்ப திறக்கிற கதையை விடுங்கோ, பூட்டும் தனியா ஒரு ஆளும் உயிர்காக்கப் பழகின சான்றிதழும் இல்லாமல் திறக்கிறேல்ல எண்டு கோப்பரேசன் கூட்டத்தில எழுத்தில தீர்மானம் எடுங்கோ, அதுக்கு மாசக்காசு கூடுமெண்டால் முதல் ஆளா நான் கட்டுறன். அந்தத் தகப்பனைக் கூப்பிட்டு கேற் ஜூனில உடைஞ்சது எண்டதை உங்கட வாயால சொல்லுங்கோ, அவர் என்னட்ட இருந்துதான் அதைக் கேள்விப்பட்டவர், அது சரியில்ல.

ஞாயிற்றுக்கிழமை மீற்றிங்குக்கு நான் வாறன். இந்தமுறை எழும்பி நிண்டு கதைப்பன். நேற்றுப் பின்னேரம் கீழ போய் அந்தப் புதுக் கேற்றை ஒரு சாண் திறந்து கையை விட்டுப் பாத்தனான். கொழுவேல்ல.

இப்படிக்கு,
ரெண்டாம் மாடியில இருக்கிற ஒருத்தன்